காதல் முடிவுக்கு நூல் பிரித்துப் பார்த்தல்: மறைநூலா, கஜலா, குறளா?

என் தோழி ஒருத்தி இரண்டு ஆண்டுகளாக ஒருவரைக் காதலித்து வந்தாள். அவருக்கு வேறு நாட்டில் மூன்று ஆண்டுப் பணி கிடைத்தது. காத்திருப்பதாக வாக்குக் கொடுப்பதா, இத்துடன் முடித்துக்கொள்வதா என்று அவள் ஒரு வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். யாரிடம் கேட்டாலும் கேட்டவருடைய வாழ்க்கைதான் பதிலாக வருகிறது என்று சலித்துப்போய், ஒரு மாலை என் மேசைமேல் மூன்று நூல்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று விவிலியம், ஒன்று ஹாபிஸ் கஜல்களின் மொழிபெயர்ப்பு, மற்றொன்று ஓரம் தேய்ந்த திருக்குறள். கண்ணை மூடி ஒன்றைப் பிரிக்கப் போவதாகவும், எதைப் பிரிக்கலாம் என்று மட்டும் நான் சொன்னால் போதும் என்றும் சொன்னாள்.

நூலுக்கு நம் நிலைமை தெரியும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் எதைப் பிரிப்பது என்ற கேள்வி, அவள் நினைத்ததைவிட முக்கியமானது. கண்ணை மூடுவதால் பக்கம் மட்டுமே தற்செயலாகிறது. அந்த நூலுக்குள் என்னென்ன பதில்கள் இருக்கின்றன என்பது நூலைக் கையில் எடுத்தபோதே முடிவாகிவிடுகிறது. ஆகவே மூன்று நூல்களையும் பிரிப்பதற்கு முன்னால், 'காத்திரு' என்ற பதிலும் 'முடித்துக்கொள்' என்ற பதிலும் எதில் இரண்டுமே உண்டு என்று பார்ப்போம் என்றேன்.

மறைநூலில் தொடங்கினோம். இதில் பெயர்பெற்ற நிகழ்ச்சியே ஒரு காதல் முடிவைப் பற்றியதுதான். கிறித்தவப் புனிதர் அகஸ்டின் 386ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, 'எடுத்து வாசி' என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டதாகவும், உடனே நூலைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட பகுதியை வாசித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் தம்முடன் வாழ்ந்து ஒரு மகனையும் பெற்ற பெண்ணை அவர் அதற்குள் பிரிந்திருந்தார். வேறொரு சிறுமியுடன் திருமணம் பேசி முடிவாகியிருந்தது. அவர் கண்ணில் பட்டது உரோமையருக்கு எழுதப்பட்ட மடலின் 13ஆம் அதிகாரத்தில், களியாட்டத்தையும் காமத்தையும் விட்டொழிக்கச் சொல்லும் இடம். அன்றோடு திருமண எண்ணத்தையே அவர் கைவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. அவர் கையில் இருந்தது முழு விவிலியம் அன்று. பவுலின் மடல்கள் மட்டும் அடங்கிய நூல். அதுவும் அவர் அந்நாள்களில் வாசித்துக்கொண்டிருந்த நூல். மணமாகாமல் இருப்பதே மேல் என்று வெளிப்படையாக எழுதியவர் பவுல். அந்த நூலை எடுத்த கணத்திலேயே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. முழு விவிலியத்தையும் பிரித்திருந்தால் உன்னதப் பாட்டின் காதல் வரிகள் கூடக் கிடைத்திருக்கலாம். வம்ச வரலாற்றுப் பட்டியலோ, ஆலயத்தின் நீள அகலக் கணக்கோ கிடைக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். அதே அகஸ்டின் பின்னாளில் எழுதிய ஒரு மடலில், நற்செய்தி ஏடுகளிலிருந்து குறி எடுப்பவர்களைப் பற்றி, பேய்களிடம் போய்க் கேட்பதற்கு இது தேவலை என்றாலும் உலகக் காரியங்களுக்கு இறைவாக்கைப் பயன்படுத்துவது தமக்குப் பிடிக்கவில்லை என்கிறார். 506இல் கூடிய அக்ட் திருச்சங்கம் இப்படிக் குறி பார்ப்பதைத் தடையே செய்தது.

நான் மறைநூலைத் தள்ளிவைக்கச் சொன்னதற்குக் காரணம் இந்தத் தடை அன்று; அந்நூலின் வாக்கிய அமைப்பு. மறைநூல் வரிகளில் பல ஏவலாக வருகின்றன: செய், செய்யாதே, பொறுத்துக்கொள், மன்னித்துவிடு. நம்பிக்கை உள்ளவருக்கு அந்த வரியை மறுக்கும் உரிமை இல்லை. ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவருக்கோ, தன்னை வருத்தும் ஒருவரை விட்டு விலகத் துணிவில்லாமல் இருப்பவருக்கோ 'எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும்' என்ற வரி கிடைத்தால், யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார். வரியை வாசித்ததும் 'இதை நான் ஏற்காமல் இருக்கலாமா?' என்று கேட்டுப் பார்த்து, 'கூடாது' என்று உள்ளம் நடுங்கினால், அந்த நூல் இந்தக் காரியத்துக்கு ஏற்றதன்று. என் தோழி சிறு வயது முதல் விவிலியம் வாசித்து வளர்ந்தவள். அவளே அதை எடுத்துத் தன் பைக்குள் வைத்துவிட்டாள்.

இரண்டாவது ஹாபிஸ். பதினான்காம் நூற்றாண்டில் ஷிராஸ் நகரில் வாழ்ந்த இந்தக் கவிஞரின் தொகுப்பில் ஏறத்தாழ ஐந்நூறு கஜல்கள் உள்ளன. பாரசீக மொழி பேசுவோர் இதைக் கொண்டு குறி பார்ப்பதை 'ஃபால்' என்பார்கள். மனத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டு நூலைத் திறக்க வேண்டும். கண்ணில் பட்ட கஜல் முந்தைய பக்கத்தில் தொடங்கியிருந்தால் பின்னே போய் அதன் முதல் வரியிலிருந்து வாசிக்க வேண்டும். அடுத்து வரும் கஜல் அதற்குச் 'சாட்சி'. ஒற்றை வரியைப் பிய்த்து எடுக்காமல் முழுக் கவிதையையும் வாசிக்கச் சொல்லும் இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. மறைநூலைப் பிரிப்பவர்கள் இதைக் கடன் வாங்கினால் பாதி ஆபத்து குறையும்.

ஆனால் கஜலின் ஒவ்வோர் ஈரடியும் தனியே நிற்கக்கூடியது. ஏழெட்டு ஈரடிகளில் ஒன்று ஏங்கும், ஒன்று மதுவைப் புகழும், ஒன்று போலித் துறவியைக் கேலி செய்யும், ஒன்று பொறுமை சொல்லும். பாரசீகத்தின் படர்க்கைச் சொல்லில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை; காதலிக்கப்படுவது மனிதரா, இறைவனா, பொருள் தரும் அரசனா என்பதும் பல இடங்களில் திறந்தே கிடக்கிறது. இவ்வளவு கதவுகள் திறந்திருக்கும் வீட்டில் யாரும் தம் விருப்பத்தோடு நுழைந்துவிடலாம். மொழிபெயர்ப்பிலோ இன்னொரு சிக்கல் சேர்கிறது: மொழிபெயர்ப்பாளர் 'அவள்' என்றோ 'இறைவா' என்றோ எழுத வேண்டியிருப்பதால், நாம் பிரிக்கும் முன்பே அவர் சில கதவுகளைச் சாத்திவிடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கஜல் உலகில் காதலன் காதலை விட்டுவிட்டுப் போவதில்லை; நோவான், பழிப்பான், மறுபடியும் வாசலில் நிற்பான். தேறுதல் வேண்டுபவருக்கு ஹாபிஸைவிட நல்ல துணை இல்லை. காத்திருப்பதா விடுவதா என்று கேட்பவருக்கு அவரிடம் ஒரு பதில்தான் இருக்கிறது.

எந்த வரி வந்தாலும் நமக்கு வேண்டியபடி பொருள் கொள்ளலாமே என்பது பழைய கேலி. பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே 1546இல் வெளியிட்ட தம் மூன்றாம் நூலில், மணம் செய்துகொள்வதா என்று தவிக்கும் பனூர்ஜ் என்பவன் பழைய ரோமக் கவிஞர் வெர்ஜிலின் நூலைப் பிரித்துக் குறி பார்க்கிறான். பக்கத்தின் எத்தனையாவது வரி என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்கிறார்கள். மூன்று முறை பிரிக்கிறார்கள். மூன்று வரிகளையும் கேட்டு, வரும் மனைவி உனக்குத் துரோகம் செய்வாள், உன்னை அடிப்பாள், உன் பொருளைக் கொள்ளையடிப்பாள் என்கிறான் அவனுடைய நண்பன். அதே மூன்று வரிகளைக் கொண்டு, அவள் உத்தமி, அன்பைப் பொழிவாள் என்று நிறுவிவிடுகிறான் பனூர்ஜ். என் தோழிக்கு இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "நீ பக்கத்தில் இருந்தால் எனக்கும் அதுதான் நடக்கும்" என்றாள். ஆகவே வரி வந்த பிறகு நான் வாய் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இனி குறள். காதலுக்குத் தனிப் பாலே ஒதுக்கிய நூல் என்பதால் அவள் மனம் முதலிலிருந்தே இதில்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1330 குறளில் அறத்துப்பால் 380, பொருட்பால் 700, காமத்துப்பால் 250. எல்லாக் குறளும் சம வாய்ப்போடு வரும் என்று வைத்துக்கொண்டாலும், பாதிக்கு மேற்பட்ட முறை அரசன், அமைச்சன், படை, தூது என்றுதான் விழும். காதல் ஐந்தில் ஒரு முறைகூட வராது. உண்மையில் சம வாய்ப்பும் இல்லை. கண்ணை மூடிப் பிரிப்பவர்கள் முதல் பத்துப் பக்கத்தையோ கடைசிப் பத்துப் பக்கத்தையோ அபூர்வமாகத்தான் பிரிக்கிறார்கள்; கை நடுப்பகுதிக்கே போகிறது. குறளின் நடுவே இருப்பது 67ஆம் அதிகாரமான வினைத்திட்பம். 'எண்ணிய எண்ணியாங்கு எய்துப' என்ற 666ஆம் குறள் அங்கேதான் இருக்கிறது. துணிந்து இறங்கு என்று நடுப்பக்கம் சொல்வதற்கு விதி காரணமில்லை, அதிகார வரிசைதான் காரணம்.

பிரியமான நூல் என்பதால் மற்றொரு கோணலும் உண்டு. அடிக்கடி வாசித்த பக்கத்தில் புத்தகத்தின் முதுகு உடைந்திருக்கும். கையை எடுத்ததும் தானாகவே அங்கே விரியும். சோதித்துப் பார்க்க, நூலை முதுகு கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்திக் கைகளை விட வேண்டும். அவளுடைய குறளை நான்கு முறை விட்டோம். மூன்று முறை ஒரே இடத்தில் விரிந்தது. அது அவள் பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்த அதிகாரம். ஓலைச் சுவடியில் இந்தத் தொல்லை இல்லை. சைவத் திருமுறை ஏடுகளில் கயிறு சாத்திக் குறி பார்த்தபோது தைத்துக் கட்டிய முதுகு கிடையாது. அடுக்கிய ஓலைகளுக்கிடையே கயிறு எங்கே நுழைகிறதோ அந்த ஏடு. சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளருக்கு அப்படித்தான் சம்பந்தரின் திருவெண்காட்டுப் பாடல் வந்தது என்பது வரலாறு. பிள்ளைப் பேற்றைக் கேட்டவருக்குப் பிள்ளையைப் பற்றிய பாடல். கையில் அச்சுப் புத்தகம் மட்டும் இருப்பவர்கள் கயிற்றுக்குப் பதிலாகச் சீட்டு குலுக்கிப் போடுவதே நேர்மையான வழி.

அப்படியானால் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுக்குள் மட்டும் சீட்டுப் போடலாமே என்றாள். அங்கும் எண்ணிப் பார்த்தோம். களவியல் 7 அதிகாரம், கற்பியல் 18. கற்பியலில் பிரிவாற்றாமை முதல் அவர்வயின் விதும்பல் வரை 116 முதல் 127 வரையுள்ள பன்னிரண்டு அதிகாரங்களும் பிரிவுத் துயரமே. அதாவது 250இல் 120 குறள். பிரியப்போகிற ஒருத்திக்கு இதில் எதை எடுத்தாலும் நெஞ்சில் தைக்கும். 'செல்லாமை உண்டேல் எனக்குரை' என்ற 1151ஆம் குறளைக் காட்டினேன். போகாமல் இருப்பதானால் என்னிடம் சொல், விரைந்து வருவேன் என்பதை அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல் என்கிற குறள். பரிமேலழகர் இதைத் தலைவியின் தோழி கூற்றாகக் கொள்கிறார். என் தோழிக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டில் வந்திருந்தால் தெய்வ வாக்கென்றே நம்பியிருப்பாள். ஆனால் ஏறத்தாழப் பாதி குறள்கள் பிரிவைப் பாடும் இடத்தில் பிரிவுக் குறள் கிடைப்பதில் வியப்பில்லை.

அதைவிடப் பெரிய குறை வேறு. காமத்துப்பாலில் உறவு முடிவதே இல்லை. பசலை படரும், கண் அழும், ஊடல் வரும். கடைசிக் குறளில் ஊடலும் கூடலில்தான் போய் முடிகிறது. 'முடித்துக்கொள்' என்று சொல்ல அங்கே ஒரு குறளும் இல்லை. இரண்டு பதில் கொண்ட கேள்வியை ஒரு பதில் மட்டுமே உள்ள பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினால் வருவது எதுவென்று முன்கூட்டியே தெரியும். காதலுக்குக் காமத்துப்பால் என்பது இயல்பான தேர்வு. அதனாலேயே இந்தக் கேள்விக்கு அது தவறான தேர்வு.

இரண்டு பதிலும் உள்ள இடம் பொருட்பாலில் இருக்கிறது. 79 முதல் 83 வரையுள்ள ஐந்து அதிகாரங்கள்: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. பழைமை அதிகாரம், நெடுநாள் பழகியவரின் பிழையைப் பொறுக்கச் சொல்கிறது. தீ நட்பும் கூடா நட்பும் விலகச் சொல்கின்றன. நட்பாராய்தல், முதலில் ஆராய்ந்து பார் என்கிறது. பேதையார் கேண்மையை விட்டுவிடுவதே ஊதியம் என்பதும் அதற்குள் இருக்கிறது. பிடித்து நில், விலகு, இன்னும் பார் என்ற மூன்றும் ஐம்பது குறளுக்குள் இருக்கின்றன. காதலரைப் பற்றிய கேள்வியை நட்பிடம் கேட்பதா என்று அவள் தயங்கினாள். மூன்று ஆண்டு தொலைவில் இருந்து நடத்த வேண்டிய உறவில் நட்புதான் பெரும்பகுதி என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாள்.

நாணயம் சுண்டிவிட்டால் போதாதா என்றும் கேட்டாள். நாணயத்தில் இரண்டு பதிலும் சரிபாதி, கோணல் கிடையாது. விழும்போதே எது வர வேண்டும் என்று மனம் ஏங்குவதையும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அது சொல் தருவதில்லை. 'ஆம்' என்று வந்தால் ஆம் என்பதோடு நின்றுவிடும். கேள்வியே சரியாகக் கேட்கப்பட்டதா என்று அது நம்மைத் திருப்பிக் கேட்காது. சிறிய முடிவுக்கு, முதலில் பேசுவது யார் என்பது போன்றவற்றுக்கு, நாணயமே மேல்.

சீட்டுப் போடுவதற்கு முன் மூன்று காரியங்களைத் தாளில் எழுதச் சொன்னேன். கேள்வி, முழு வாக்கியமாக. இந்த நிமிடம் எந்தப் பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது என்பது. ஒரே ஒரு முறைதான் எடுப்பேன் என்பது. மூன்றாவதை அவள் சிறுபிள்ளைத்தனம் என்றாள். ஆனால் பிடிக்காத பதில் வந்தால் 'கை நழுவிவிட்டது' என்று மறுபடி எடுக்காதவர்களை நான் பார்த்ததில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒன்றை மூன்று முறை வரை எடுத்துப் பார்த்தால், வேண்டிய பதில் ஒரு முறையாவது வருவதற்கு எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு. அதன்பின் நூல் சொன்னது என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அவர் பொய் சொல்லியிருந்தாலோ, கை ஓங்கியிருந்தாலோ, வேறோர் உறவில் இருந்தாலோ இந்தச் சீட்டுக்கே நான் உடன்பட்டிருக்க மாட்டேன். உண்மை தெரிந்திருக்கும் இடத்தில் நூலைப் பிரிப்பது, தெரிந்ததைத் தெரியாததாக்கும் வேலை. அவளுக்கு எதிரில் இருந்தது இரண்டு பக்கமும் காரணம் உள்ள ஒரு முடிவு.

ஐந்து சீட்டில் அதிகார எண், பத்துச் சீட்டில் குறளின் வரிசை எண். இரண்டு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, 80ஐயும் 6ஐயும் எடுத்தாள். 796ஆம் குறள்:

கேட்டினும் உண்டோர் உறுதி கிளைஞரை
நீட்டி அளப்பதோர் கோல்.

கெடுதியிலும் ஒரு நன்மை உண்டு, நமக்கு உரியவரை முழுதாக அளந்து பார்க்கும் கோல் அது என்பது பொருள். இது 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. உரையை எடுக்கப் போனவளைத் தடுத்து, முதலில் தோன்றியதை எழுது என்றேன். சற்று நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, "அளக்கிற கோலுக்கு மூன்று வருஷம் நீளம் அதிகம்" என்று எழுதினாள்.

முன்பு எழுதிய தாளைத் திருப்பினோம். மனம் சாய்ந்த பக்கம் என்று அவள் எழுதியிருந்தது 'முடித்துக்கொள்வது'. இப்போது எழுதியதிலோ முடிப்பது என்ற எண்ணமே இல்லை. காலம் மட்டும்தான் தகராறு. அவளுக்குக் காத்திருப்பதில் மறுப்பில்லை, மூன்று ஆண்டுக்கு இன்றே வாக்குக் கொடுப்பதில்தான் மறுப்பு. அவள் எழுதி வைத்திருந்த கேள்வியில் அந்த வேறுபாட்டுக்கு இடமே இருக்கவில்லை. காமத்துப்பாலை எடுத்திருந்தால் அழுதுவிட்டுக் காத்திருக்கச் சம்மதித்திருப்பாள் என்பது என் ஊகம். நாணயம் பூவோ தலையோ சொல்லியிருக்கும்.

மறுநாள் அவரிடம், ஓர் ஆண்டு காத்திருக்கிறேன், அதன் முடிவில் இருவரும் புதிதாக முடிவெடுப்போம் என்று சொன்னாள். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் சரி என்றார். அந்த நான்கு நாளில் ஒரு முறைகூட அவள் கிண்ணத்தை எடுக்கவில்லை. சீட்டுகள் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. ஆண்டு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.